கைப்பில்லைப் படிக்கும் சாட்பாட்: எந்த இலக்கம் தப்பியது?

மளிகைக் கடையில் கையால் எழுதித் தந்த பில்லைப் படமெடுத்து சாட்பாட்டிடம் கொடுத்தேன். பட்டியலாகப் போட்டுத் தந்தது. கூட்டிப் பார்த்தால் பில்லில் உள்ள மொத்தத்தைவிட 60 ரூபாய் குறைகிறது. எந்த வரியில் பிழை என்று எப்படிப் பிடிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

அந்த 60-லேயே விடை பாதி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பட்டியல் இது: துவரம்பருப்பு 2 கிலோ, விலை 165, தொகை 330, உளுந்து 1 கிலோ 140, நல்லெண்ணெய் 1 லிட்டர் 310, புளி அரை கிலோ, விலை 180, தொகை 90, மிளகாய் கால் கிலோ, விலை 240, தொகை 60. கூட்டினால் 930 வருகிறது. கடைக்காரர் எழுதியது 990.

கையெழுத்தில் அடிக்கடி குழம்புகிற ஜோடிகள் சில உண்டு. 1-ம் 7-ம் குழம்பினால் வித்தியாசம் 6. 4-ம் 9-ம் குழம்பினால் 5. 0-வும் 6-ம் குழம்பினாலும் 6 தான். உங்கள் வித்தியாசம் 60 என்பதால் பிழை பத்துகள் இடத்தில் இருக்க வேண்டும். குறைவாகப் படித்திருப்பதால் 7-ஐ 1 என்றோ, 6-ஐ 0 என்றோ எடுத்திருக்க வேண்டும். பத்துகள் இடத்தில் 0 எந்த வரியிலும் இல்லை. 1 இருப்பது நல்லெண்ணெய் வரியில் மட்டும்தான். 9-ஐ 3 என்று எடுத்தாலும் இதே 60 வரும், அப்படியானால் துவரம்பருப்பின் 330 சந்தேகத்துக்கு உரியது. ஆனால் 2 × 165 சரியாக 330 வருவதால் அந்த வரி தப்பித்தது. இப்போது அசல் பில்லில் நல்லெண்ணெய் வரியை மட்டும் பாருங்கள். குறுக்குக் கோடு மெலிந்த 370 ஆக இருக்கும்.

வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 54 என்பது 45 ஆனால் 9 குறையும், 270 என்பது 720 ஆனால் 450 கூடும். கணக்கெழுதுகிறவர்கள் பேரேட்டில் பிழை தேட நெடுங்காலமாகக் கையாளும் வழி இது. ஒரே ஒரு பிழை இருக்கும்போதுதான் இந்தத் துப்பு வேலை செய்யும். ஒரு வரியில் 60 கூடி இன்னொன்றில் 60 குறைந்தால் மொத்தம் சரியாகவே வந்துவிடும். அதனால் மொத்தம் ஒத்துப்போனாலும் அளவையும் விலையையும் வரிவரியாகப் பெருக்கிப் பார்ப்பதை விடாதீர்கள்.

450 ரூபாய் என்று எழுதியதை 4501 என்று படிக்கிறதே?
– வாசகர், ஈரோடு

தொகைக்குப் பின்னால் நம் கடைகளில் போடும் /- குறியின் சாய்கோட்டை அது 1 என்று எடுத்துக்கொள்கிறது. 85=00 என்று பைசாவைப் பிரித்து எழுதும் கடைகளில் அதுவே 8500 ஆகலாம். மேலே உள்ளதே என்பதற்குப் போடும் இரட்டைக் கோடு 11 ஆவதும் உண்டு. படத்தைக் கொடுக்கும்போதே இந்தக் கடையில் இந்தக் குறிகளுக்கு என்ன பொருள் என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். முதல் இரண்டு குறிகள் தப்பினாலும் தொகை பத்து மடங்கு, நூறு மடங்கு என்று குதிப்பதால் கண்ணில் பட்டுவிடும்.

கடைக்காரர் மொத்தத்தை 1,240 என்று தவறாகக் கூட்டியிருந்தார். சரியான தொகை 1,210. சாட்பாட் தந்த பட்டியலில் மொத்தம் 1,210 என்றே இருந்தது; பில்லில் வேறு தொகை எழுதியிருப்பதாக அது சொல்லவே இல்லை. 30 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.
– வாசகர், மதுரை

இந்த வாரம் வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். இலக்கம் தவறினால் கணக்கு இடிக்கும், நாம் தேடுவோம். இங்கே எல்லாம் பொருந்தியிருப்பதால் தேடவே தோன்றாது.

காரணம் இந்த மாதிரிகள் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பதையும், இதுவரை தான் எழுதியதையும் சேர்த்து வைத்து, அடுத்து வரக்கூடியது எது என்று கணித்துக் கணித்துத்தான் அவை எழுதுகின்றன. வரிசையாகத் தொகைகளை எழுதிவிட்டு ‘மொத்தம்’ என்ற சொல்லுக்கு வந்ததும், அடுத்து வரக்கூடியது அவற்றின் கூட்டுத்தொகை. மை மங்கலாக இருந்தால் கண் தோற்று எதிர்பார்ப்பு ஜெயிக்கிறது. இதன் மறுபக்கமும் நடக்கும்: மொத்தம் தெளிவாக இருந்து ஒரு வரி மங்கலாக இருந்தால், மொத்தத்துக்குப் பொருந்தும்படி அந்த வரியை அது நிரப்பிவிடலாம்.

நான் செய்வது இது. மொத்தம் எழுதிய அடிப்பகுதியைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு, மேல் வரிகளை மட்டும் கொடுத்து, எழுதியிருப்பதை எழுதியபடியே தரச் சொல்வேன். கூட்டக் கூடாது, தெளிவில்லாத இலக்கத்துக்குக் கேள்விக்குறி போட வேண்டும் என்றும் சொல்வேன். மொத்தத்தைப் பில்லிலிருந்து நானே படித்துக்கொள்வேன். பிறகு எக்செல்லில், ஐந்து பொருள் என்றால் 2 முதல் 6 வரையிலான வரிசைகளில், B-யில் அளவு, C-யில் விலை, D-யில் தொகை, D7-ல் கடைக்காரரின் மொத்தம்.

```
=B2*C2-D2
=SUM(D2:D6)-D7
```

முதல் சூத்திரத்தை ஒவ்வொரு வரிக்கும் இழுத்துவிடுங்கள். எங்கே 0 வரவில்லையோ அங்கே அசல் பில்லைப் பாருங்கள். தவறு சாட்பாட்டுடையதா கடைக்காரருடையதா என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

‘சரியாகத்தான் படித்தாயா?’ என்று திரும்பக் கேட்டால் போதாதா?
– வாசகி, தஞ்சாவூர்

போதாது. சரியாகப் படித்ததையும் மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடும். தவறாகப் படித்ததையும் சரி என்று அடித்துச் சொல்லும். சந்தேகமான ஒரு வரியை மட்டும் பெரிதாக வெட்டியெடுத்து, புதிய உரையாடலில் கொடுத்துப் பாருங்கள். நீளமான பில்லை முழுதாகக் கொடுக்கும்போது படம் ஒரு வரம்புக்குள் சுருக்கப்படுவதால் எழுத்துகள் பொடியாகிவிடுகின்றன, சில வரிகள் விட்டும் போகின்றன. வரிகளை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டால் அது தெரிந்துவிடும்.

கையெழுத்து இல்லை, அச்சிட்ட பட்டை வரைபடம்தான். பட்டைகளின் மேல் எண்கள் இல்லை. சாட்பாட் 73.4 என்று சொல்கிறது. நம்பலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

அந்தப் புள்ளி நான்கை நம்ப வேண்டாம். எண் அச்சிடாத பட்டையில் தசம இடம் வரை தெரிய வழியில்லை; அது மதிப்பீடு, துல்லியமான எண்ணின் உடையில் வந்திருக்கிறது.

ஒரு அளவுகோல் போதும், நீங்களே சரிபார்க்கலாம். படத்தைப் பெரிதாக்கி, 0 கோட்டிலிருந்து 100 கோடு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். 60 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் உச்சி 0 கோட்டிலிருந்து 42 மில்லிமீட்டரில் இருந்தால் மதிப்பு 42 ÷ 60 × 100, அதாவது 70. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இங்கே ஏறக்குறைய 1.7 மாறும். அதனால் ‘சுமார் 70’ என்று எழுதுவதே நேர்மை.

அளப்பதற்கு முன் அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 40-ல் தொடங்கும் அச்சில் 50-க்கான பட்டை 10 அளவு உயரம், 60-க்கான பட்டை 20 அளவு உயரம். படத்தில் இரண்டு மடங்காகத் தெரிவது உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு உயர்வுதான். சாட்பாட் எண்களைச் சரியாகத் தந்துவிட்டு, கீழே விளக்கத்தில் ‘இரட்டிப்பானது’ என்று எழுதிவிடக்கூடும். அச்சு சமமான இடைவெளியில் ஏறாமல் 1, 10, 100 என்று ஏறினால் நான் சொன்ன அளவுகோல் கணக்கும் பொருந்தாது.

நிறங்கள் நெருக்கமாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெளிர்நீலத்தையும் சாம்பலையும் மாற்றி எடுத்து, ஆண்களின் எண்ணைப் பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம். எல்லா எண்ணையும் சரிபார்க்க வேண்டியதில்லை. இரண்டு நிறப் பட்டைகளின் உயரமும் நன்றாக வேறுபடும் ஒரு ஆண்டைத் தேர்ந்தெடுத்து, எது உயரம் என்று கண்ணால் பார்த்து, சாட்பாட்டின் பட்டியலிலும் அதுதான் பெரிதா என்று ஒப்பிட்டால் போதும். தலைகீழாக இருந்தால் அந்தப் பட்டியல் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.