குழந்தைகள் படமும் தலைப்பு வரியும்: கேள்வி பதில்

ஓவிய வகுப்பு நடத்துபவர்: சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியிலேயே "புகைப்படங்களைப் பயன்படுத்துவோம்" என்று போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதாதா?

போதாது. கட்டணம், விடுமுறை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து அது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகள்தான். பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்க்க முடிய வேண்டும். கொடுத்த அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். தனித் தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: பெற்றோர் வாட்ஸ்அப் குழு, இன்ஸ்டாகிராம் பக்கம், காசு கட்டி ஓட்டும் விளம்பரம். ஒவ்வொன்றுக்கும் தனி டிக். எதையும் டிக் செய்யாவிட்டாலும் சேர்க்கை உண்டு என்று கீழே எழுதிவிடுங்கள்.

களிமண் வகுப்பு ஆசிரியை: முகத்தில் ஸ்மைலி ஒட்டிவிட்டால் சம்மதமே வேண்டாம், சரிதானே?

பாதி சரி. முகம் மறையும். சீருடை, பையில் தொங்கும் பெயர் அட்டை, ஓவியத்தின் மூலையில் குழந்தையே எழுதிய முழுப்பெயர் மறையாது. மேசைக்கு மேலிருந்து கைகளையும் களிமண்ணையும் மட்டும் எடுங்கள். படமும் அதுதான் அழகாக வரும்.

ஒரு வாசகர்: என் அக்கா பையன் பிறந்தநாள் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கவும் படிவமா?

இல்லைங்க, வீட்டுப் பயன்பாடு அந்தச் சட்டத்தில் வராது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கதை சொல்லல் மையம்: "வந்தபோது யாரிடமும் பேசமாட்டான். மூன்றே மாதத்தில் மேடை ஏறிவிட்டான்!" அம்மா சம்மதித்துவிட்டார். போடலாமா?

அவர் சம்மதித்தது படத்துக்கு. இந்த வரி பையனின் பேச்சுத் தயக்கத்தை ஊருக்குச் சொல்கிறது. நாலு வருஷம் கழித்து வகுப்புத் தோழன் ஒருவன் தேடி எடுத்துக் கேலி செய்வான். குழந்தையை விட்டுவிட்டு அன்று நடந்ததை எழுதுங்கள்: "இன்று காட்டுக் கதை. சிங்கத்தின் குரலுக்குத்தான் பலத்த போட்டி!" முகம் தெரியும் படத்தோடு பெயர், பள்ளி, "சனி மாலை 4 மணி" சேரவே கூடாது. எந்தக் குழந்தை எப்போது எங்கே இருக்கும் என்பது ஒரே பதிவில் தெரிந்துவிடும். நேர அட்டவணையைக் குழந்தைகள் இல்லாத போஸ்டரில் போடுங்கள். பாட்டியே கமெண்டில் பேரனின் பெயரை எழுதுவார். அதை மறைத்துவிட்டு அவருக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

நடன மையம்: பதினைந்து பேரில் ஒரு குழந்தைக்கு மட்டும் சம்மதமில்லை. தள்ளி நிற்கச் சொல்லலாமா?

வேண்டாம், அது தண்டனை போலாகிவிடும். முதலிலேயே வரிசையின் ஓரத்தில் நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து எடுங்கள். யாருக்குச் சம்மதமில்லை என்ற பட்டியல் கேமரா வைத்திருப்பவர் கையில் இருக்கட்டும்.

வேறொரு மையம்: அப்பா டிக் செய்தார், பிரிந்து வாழும் அம்மா வேண்டாம் என்கிறார்.

போடாதீர்கள். போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

அதே மையம்: அப்படித்தான் எடுத்தோம். இப்போது அப்பா சண்டைக்கு வருகிறார், "பொறுப்பு என்னிடம், நீங்கள் யார் முடிவு செய்ய?" என்று.

குழந்தை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவைப் பார்க்காமல் அவர் சொல்வது சரியா தவறா என்று சொல்ல முடியாது. வக்கீல் பார்த்துச் சொல்லும்வரை படத்தை மீண்டும் போடாதீர்கள்.