ஒரே சனல், ஆனா சத்தமே இல்லை

"ரெண்டு வோக்கி டோக்கியும் சனல் 8இலதான் நிக்குது. ஒருத்தர் கதைக்கிறது மற்றவருக்குக் கேக்குதில்லை. ஏன்?"

திரையில பெரிய இலக்கத்துக்குப் பக்கத்தில சின்ன இலக்கம் ஒண்டு நிக்கும், அதைப் பாருங்கோ. அதுதான் பிரைவசி கோட். பேர் அப்பிடி இருந்தாலும் அது கதையை மறைக்காது. குரலோட காதுக்குப் பிடிபடாத மெல்லிய தொனி ஒண்டை அனுப்பும். அந்தத் தொனி வராட்டி மற்ற செட் ஸ்பீக்கரைத் திறக்காது.

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கட வயலில யானைக்காவலுக்கு ரெண்டு செட் வச்சிருக்கிறம். ஒருநாள் பரணில இருந்த தம்பி சொன்னது எனக்குக் கேட்டது, நான் சொன்னது அவனுக்குக் கேக்கேல்லை. என்ர செட்டில கோட் 0, அவன்ர செட்டில 12. 0 எண்டா எல்லாத்தையும் கேக்கும். 12 தன்ர தொனிக்கு மட்டுந்தான் திறக்கும். சத்தம் வராமல், சிக்னல் வாறதைக் காட்டுற லைற் மட்டும் எரிஞ்சா, அனேகமாக இதுதான். மொனிற்றர் பட்டன் இருந்தா அமத்திப் பாருங்கோ, குரல் வரும். ரெண்டையும் 0இல விட்டால் சரி.

லைற்றும் எரியாட்டி, கதைக்கிற செட்டின்ர பற்றரியைப் பாருங்கோ. கேக்கிறதுக்குக் கொஞ்ச மின் போதும், அனுப்பக் கனக்க வேணும். பட்டனை அமத்தேக்க திரை மங்கினா அல்லது செட் நிண்டு திரும்ப எழும்பினா பற்றரி இறங்கீட்டுது. எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துங்கோ. பழசையும் புதுசையும் கலக்கக் கூடாது.