அடகு வைத்த வளையலைப் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி: கொட்டாஞ்சேனைப் பக்கம் குடும்பப் பெண்களிடம் ஒரு கணக்கெடுப்புச் செய்கிறோம். கணவருக்குத் தெரியாமல் நகை அடகு வைத்திருக்கிறீர்களா என்று நேராகக் கேட்டால், எல்லாரும் "ஐயோ, நாங்க அப்பிடி இல்ல" என்கிறார்கள். ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லிக் கேட்கும்படி சூப்பர்வைசர் சொன்னார். எழுதிப் பார்த்தேன், கதையே பதிலைச் சொல்லிவிடுகிறது. முதல் முயற்சியை அனுப்பியிருக்கிறேன்: "கமலா ஓர் ஏழைப் பெண். கணவன் குடிகாரன். பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேறு வழியில்லாமல் கணவனுக்குத் தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்தாள். கமலா செய்தது சரியா?"

பதில்: அனுப்பியதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் கமலாவுக்காக வக்கீல் வேலை பார்க்கிறது. கணவன் குடிகாரன் என்றதுமே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "வேறு வழியில்லாமல்" என்பது அந்தத் தீர்ப்புக்குக் கையெழுத்து. அதற்குப் பிறகு "சரியா?" என்று கேட்டால், "பாவம், அவ என்ன செய்வா" என்பதைத் தவிர வேறு எதைச் சொல்வார்கள்? அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொழும்பில் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் பெரும்பாலான தாய்மார் முதலில் நினைப்பது லேடி ரிட்ஜ்வேயை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. அதனால் கேட்கிறவருக்கு உடனே, "ஏன் பிரைவேட்டுக்குப் போனா?" என்ற சந்தேகம் வரும். அது வந்த நிமிடமே அவர் அடகை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். இந்த வகைக் கதை 'இது நம்ம பக்கம் நடக்கிறதுதான்' என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாவிட்டால் அதை ஒரு பரீட்சைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள்.

தாலிக்கொடியும் வேண்டாம். அது கதைக்குள் வந்தால் அடகு, கடன் எல்லாம் பின்னுக்குப் போய், தாலி மட்டும்தான் நிற்கும். கொட்டாஞ்சேனையில் நீங்கள் சந்திக்கப்போகிறவர்களில் கத்தோலிக்கப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இருப்பார்கள். வளையல் என்றால் எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருள்.

கதையை எழுதும்போது நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். அவள் கணவரிடம் சொன்னாலும் நம்பும்படி இருக்க வேண்டும், சொல்லாவிட்டாலும் நம்பும்படி இருக்க வேண்டும். கணவர் கெட்டவராக இருந்தால் சொல்ல மாட்டாள். தங்கமானவராக இருந்தால் ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல் கோபம் வரும். ஆகவே கணவர் சாதாரண மனிதராக இருக்கட்டும். காசு தேவைப்பட்ட காரணமும் சாதாரணமானதாக இருக்கட்டும், அழவைக்கிற காரணமும் வேண்டாம், முகம் சுளிக்க வைக்கிறதும் வேண்டாம். இதையெல்லாம் சேர்த்து நான் எழுதியது இப்படி:

"ஷாந்திக்கு 34 வயசு. அவங்க ஹஸ்பண்டுக்கு ஒரு கடையில வேலை, மாசச் சம்பளம். ரெண்டு பிள்ளைங்க. போன மாசம் கரண்ட் பில்லும் மகளுட டியூஷன் காசும் ஒண்ணா வந்திட்டுது. ஷாந்தி அவங்கட வளையல் ஒண்ண அடகு வச்சு அந்தக் காசக் கட்டினாங்க. ஹஸ்பண்டுக்கிட்ட இன்னும் சொல்லல."

பேச்சுத் தமிழில் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இது வாயால் வாசித்துக் காட்டப்போகிற கதை. படிவத்தில் எழுத்துத் தமிழில் இருந்தால், தகவல் சேகரிக்கப் போகும் பிள்ளைகள் வாசலில் நின்றபடி ஆளுக்கொரு மாதிரி பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்வார்கள். ஒருத்தி "சொல்லல" என்பாள், இன்னொருத்தி "மறைச்சிட்டாங்க" என்பாள். இந்த இரண்டும் ஒரே கேள்வி இல்லை. பேசுகிற மாதிரியே அச்சடித்துக் கொடுத்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் சிலர் அடகை 'ஈடு' அல்லது 'அடைவு' என்பார்கள். அந்த மாற்றுச் சொற்களை மட்டும் படிவத்திலேயே பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

பெயரையும் சும்மா வைக்கக் கூடாது. ஷாந்தி என்ற பெயரை இந்துவும் வைப்பார், கிறிஸ்தவரும் வைப்பார். முஸ்லிம் வீடுகளில் அதற்கு ஈடான ஒரு பெயரை மாற்றி, மற்ற எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே விடுங்கள். அதோடு, போகப்போகிற தோட்டத்தில் அந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று முதலே விசாரியுங்கள். பல வருடங்களுக்கு முன் மட்டக்குளியில் நான் இதை விசாரிக்காமல் போய்விட்டேன். கதையில் பெயரைச் சொன்னதும் அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தபடி, "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். அந்த வீட்டிலும் அதே பெயரில் ஒருவர் இருந்திருக்கிறார். அன்று மாலைக்குள் அந்த லேன் முழுக்க நாங்கள் ஊர்வம்பு விசாரிக்க வந்தவர்கள் என்ற பேச்சு பரவிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் எங்களோடு மனம்விட்டுக் கதைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் செய்த அநியாயத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சரி, கதை தயார் என்று நேரே களத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் சந்திக்கப்போகிறவர்களைப் போன்ற ஐந்தாறு பெண்களிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள், ஆனால் அவர்கள் வேறு இடத்துக்காரர்களாக இருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் "இந்தக் கதைய உங்கட வாயால திருப்பிச் சொல்லுங்க அக்கா" என்று கேளுங்கள். அவர்கள் எதை விட்டுவிடுகிறார்கள், எதைப் புதிதாகச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் கதையின் ஓட்டைகள் தெரியும். "ஹஸ்பண்ட் கொஞ்சம் கோவக்காரர் போல" என்று ஒருவர் சேர்த்தால், அவர் தன் வீட்டிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறார். அது பரவாயில்லை, அதற்காகத்தான் கதையே. ஆனால் பாதிப் பேர் பேங்கில் அடகு வைத்ததாகவும் பாதிப் பேர் அடகுக்கடையில் வைத்ததாகவும் திருப்பிச் சொன்னால், அதை நீங்கள்தான் தீர்த்துக் கொடுக்க வேண்டும். பேங்கில் வைப்பதும் கடையில் வைப்பதும் பலருக்கு மரியாதையில் ஒன்றல்ல. ஒரே கதைக்குள் இரண்டு கதை ஓடினால் பதில்களை ஒன்றாகக் கூட்ட முடியாது. "பேங்கில" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

மேலே எழுதியதில் இன்னொரு ஓட்டையை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். "இன்னும் சொல்லல" என்பதில் அந்த 'இன்னும்' என்ன செய்கிறது என்று பாருங்கள். சொல்லத்தான் போகிறாள், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்ற அர்த்தம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கேட்கிறவர் "இண்டைக்கு ராத்திரி சொல்லிடுவாங்க" என்று எளிதாகத் தப்பிவிடுவார். "மறைச்சிட்டாங்க" என்று போட்டால் குற்றம் சாட்டுகிற மாதிரி ஆகிவிடும். "அடகு வச்சது ஹஸ்பண்டுக்குத் தெரியாது" என்பது இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறது. நான் அதைத்தான் வைப்பேன்.

இனி, கதைக்குப் பின்னால் வரும் கேள்விகள். "சரியா, பிழையா?" என்று கேட்காதீர்கள். முதலில், "ஷாந்தி இனி என்ன செய்வாங்கண்டு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். இரண்டாவதாக, "ஷாந்திட நிலைமையில இந்தப் பக்கம் பத்துப் பொம்பளைங்க இருந்தா, எத்தன பேர் ஹஸ்பண்டுக்கிட்ட சொல்லியிருப்பாங்க?" அப்புறம், "ஹஸ்பண்டுக்குத் தெரிய வந்தா என்ன நடக்கும்?" கடைசியில்தான் அவரைப் பற்றி: "இப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வந்திருக்கா? சொல்ல விருப்பமில்லாட்டி அடுத்ததுக்குப் போவம்." நேர்க்கேள்வியை முதலில் கேட்டு "இல்லை" என்று வாங்கிவிட்டால், அந்த "இல்லை"யைக் காப்பாற்றத்தான் பிறகு கதைக்கும் பதில் சொல்வார்கள். அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

வந்த பதில்களை என்னவென்று எழுதுவது? இதில்தான் பல ஆய்வறிக்கைகள் சறுக்குகின்றன. "பத்தில் ஏழு பேர் சொல்ல மாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் மறைத்திருக்கிறார் என்றும் அர்த்தமில்லை, 70 வீதமானோர் மறைக்கிறார்கள் என்றும் அர்த்தமில்லை. தன்னைச் சுற்றி எது வழக்கம், எது மன்னிக்கப்படும் என்று அவர் நினைக்கிறார் என்பதுதான் அதில் இருக்கிறது. குடும்பக் கடமைகளைப் பற்றி ஆராய்ந்த பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜேனட் ஃபின்ச் இந்த முறையைப் பற்றி 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். கதை மாந்தருக்கு ஒருவர் சொல்லும் பதிலை, அவரே நடந்துகொள்ளும் விதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கவனம் அதிலேயே இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது எத்தனை வீதம் என்ற எண்தான் என்றால், கதையை விட்டுவிட்டுப் பட்டியல் முறைக்குப் போங்கள். பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நான்கு சாதாரண விடயங்களும் மறுபாதிக்கு அதே நான்கோடு அடகு விடயமும் கொடுத்து, 'இதில் எத்தனை செய்திருக்கிறீர்கள்' என்று எண்ணிக்கையை மட்டும் கேட்பது. முதல் பாதியின் சராசரி 2.1, மறுபாதியினது 2.4 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 0.3, அதாவது ஏறத்தாழ 30 வீதம். ஆனால் ஒவ்வொரு பக்கமும் சில நூறு பேராவது இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது.

கதை நன்றாகச் செய்யக்கூடியது வேறு. ஷாந்தியின் கதையில் ஒரேயொரு விடயத்தை மாற்றி இன்னொரு பிரதி எழுதுங்கள். டியூஷனுக்கும் கரண்ட் பில்லுக்கும் பதிலாக, "ஷாந்திட தம்பி அவசரமா கொஞ்சம் காசு கேட்டாரு" என்று வரட்டும். அடகு வைத்துக் கிடைத்த காசு தம்பிக்குப் போகட்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். ஒருவரிடம் இரண்டையும் வாசித்தால் எதைச் சோதிக்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். தாய்வீட்டுக்குப் போன காசு என்றதும் "சொல்லியிருப்பாங்க" என்ற எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். எந்தக் காசைக் கணவரிடம் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்ற எல்லை அந்த வித்தியாசத்தில் தெரியும்.

"தெரிய வந்தா என்ன நடக்கும்?" என்ற கேள்வியை மாமியாரோ பிள்ளைகளோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது. தோட்டத்து வீடுகளில் தனிமை கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் சந்தைச் செலவு பற்றிய சாதாரணக் கதை ஒன்றையும் கையில் வைத்திருங்கள். யாராவது உள்ளே வந்தால் தகவல் சேகரிப்பவர் பக்கத்தைத் திருப்பி அந்தக் கதைக்குப் போய்விட வேண்டும். சிலர் ஷாந்தியைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் "அவரு அடிப்பாரு" என்று தன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்போது படிவத்தை மூடிவைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், பெண்களுக்கான 1938 உதவித் தொலைபேசி இலக்கத்தையும் சொல்ல வேண்டும். அதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம். அந்தத் தாள் வீட்டில் யார் கையில் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.