காரில் அழும் குழந்தைக்கு ஒரு மாட்டுப் பாட்டு

கேள்வி: ஒன்றரை வயது மகனோடு வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு அடிக்கடி காரில் போகிறோம். புளியங்குளம் தாண்டினதும் அழத் தொடங்கிவிடுவான். போன் கொடுக்க விருப்பமில்லை. என்ன பாட்டுப் பாடலாம்?

ஒரே ஒரு பாட்டுப் போதும், ஆனால் அதை நீங்களே கட்ட வேண்டும். நாங்கள் பாடுவது இது:

மாடு போகுது, மாடு போகுது, ம்மா… ம்மா!
பஸ் போகுது, பஸ் போகுது, பாம்… பாம்!
மெசின் போகுது, மெசின் போகுது, டக… டக!

ஏ9 வீதியில் மாடு, பஸ், உழவு மெசின் மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. மாட்டுக்கு இரண்டு விரலைத் தலையில் வைத்துக் கொம்பு. பஸ்ஸுக்கு உள்ளங்கையால் தொடையில் ஹோர்ன் அடிப்பது. மெசினுக்கு இரண்டு கையையும் பொத்திக் குலுக்குவது. பெல்ட் போட்டபடி செய்யக்கூடியவை இவ்வளவுதான். எழும்பு, குதி, சுற்று என்று வரும் பாட்டுகளை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்குள் அது முடியாது என்றதும் பிள்ளைக்கு இன்னும் கோபம்தான் வரும்.

பாட்டின் உயிர் கடைசிச் சத்தத்தில் இருக்கிறது. முதல் சில தரம் முழுதாகப் பாடுங்கள். பிறகு "மாடு போகுது, மாடு போகுது…" என்று நிறுத்தி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணியபடி அவன் முகத்தைப் பாருங்கள். அவன் "ம்மா" சொல்லலாம், அல்லது கையை மட்டும் தலைக்குக் கொண்டுபோகலாம். இந்த வயதில் பெரும்பாலும் கைதான் முந்தும், அதுவும் பதில்தான். பெரியவர்கள் அவசரப்பட்டுத் தாங்களே சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கமான பிழை. இன்னொன்று, எங்களுக்கு அலுத்துப்போனது என்று பாட்டை மாற்றுவது. அவனுக்கு அப்போதுதான் அது பிடிபடத் தொடங்கியிருக்கும். அலுத்தால் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள், மாட்டுக்குப் பதில் ஆடு, "மே".

சீட் பின்பக்கம் பார்த்து இருந்தால், நீங்கள் காணும் மாடு அவனுக்குக் கார் கடந்த பிறகுதான் தெரியும். "வருது" என்று பாடாமல் "போகுது" என்று வைத்ததும் அதனால்தான். ஜன்னல் உயரமாக இருந்து ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டு ஓடும்.

அழத் தொடங்கிய பிறகு பாடினால் அவன் சத்தத்தில் உங்கள் சத்தம் அடிபட்டுப்போகும். உங்களுக்குப் புளியங்குளம் என்றால் ஓமந்தையிலேயே தொடங்குங்கள். நித்திரை வரும் நேரம் என்றால் மெசினை விட்டுவிட்டு, மாட்டை மட்டும் மெதுவாக, கை ஆட்டாமல் பாடுங்கள்.

பசி, புழுக்கம், நனைந்த நப்பி இவற்றுக்குப் பாட்டு உதவாது. முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள்தானே, அங்கே இறக்கிக் கொஞ்சம் நடக்க விடுங்கள். ஆனால் கச்சானை அவன் கையில் கொடுக்க வேண்டாம், இந்த வயதில் தொண்டையில் சிக்கும்.

ஓட்டுகிறவர் சத்தம் மட்டும் போடட்டும், கொம்பு வைப்பது பின்சீட்டில் இருப்பவர் வேலை.