வதக்கிய வெங்காயமும் ஒரு ராத்திரியும்

அன்புள்ள ஐயா,
ராத்திரி மீந்த வெங்காயக் குழம்பைக் கொட்டச் சொல்கிறாள் மகள். சமைத்த வெங்காயம் ஒரு ராத்திரியில் விஷமாகிவிடுமாம், வாட்ஸப்பில் வந்ததாம். நானோ காலை அவசரத்துக்காக ராத்திரியே அரைக் கிலோ வெங்காயத்தை நிறைய எண்ணெயில் வதக்கி, அடுப்பிலேயே மூடி வைத்துவிடுவேன். முப்பது வருஷமாக ஒன்றும் ஆனதில்லை. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள அம்மா,

அந்தச் செய்தி 2009 வாக்கில் ஆங்கில மின்னஞ்சலாகச் சுற்றியது. மயோனைஸ் ஆலையைப் பார்க்கப் போனவருக்கு அங்கிருந்த நிபுணர் சொன்னதாகக் கதை. வெங்காயம் காற்றிலுள்ள கிருமியை இழுக்கும் என்ற நினைப்பு அதைவிடப் பழையது. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பிய ஐரோப்பாவில், கொள்ளைநோய்க் காலத்தில் அறுத்த வெங்காயத்தை வீட்டில் வைப்பார்கள். வெங்காயம் எதையும் இழுப்பதில்லை. அந்தப் பேச்சை விடுங்கள்.

என் கவலையெல்லாம் உங்கள் வாணலிதான். 1983-ல் அமெரிக்காவின் பியோரியா நகரில், ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 28 பேருக்கு பொட்டுலிசம் என்ற உணவு விஷநோய் வந்தது. காரணம் வதக்கிய வெங்காயம். மார்ஜரினில் வதக்கி, வெதுவெதுப்பாகவே வைத்திருந்து, மறுபடி சூடாக்காமல் பரிமாறியிருக்கிறார்கள்.

மண்ணில் விளையும் வெங்காயத்தின் தோலில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். வதக்கும் சூட்டில் அவை சாகாது, மற்ற கிருமிகள்தான் சாகும். மேலே எண்ணெய் மூடிக்கொண்டால் அடியில் காற்று புகாது. வெங்காயத்தில் புளிப்பும் போதாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் வித்து முளைத்து விஷத்தைக் கக்கும். மே மாதச் சென்னையில் மூடிய வாணலி விடியும்வரை ஆறுவதே இல்லை, யோசித்துப் பாருங்கள்! முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள், வாடை மாறாமலேயே இருக்கலாம். இமை தொங்கிப்போவது, பார்வை இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமல் போவது, இவைதான் அடையாளம். அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இது அபூர்வமான நோய், அதனால்தான் முப்பது வருஷம் தப்பித்தீர்கள். அதைச் சாட்சியாக வைத்து மகளிடம் வாதாடாதீர்கள்.

வதக்கியதும் அகலமான தாம்பாளத்தில் விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அரை மணியில் ஆறிவிடும். சின்ன டப்பாக்களில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில், 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். மீந்த குழம்புக்கும் இதே முறைதான், கொட்ட வேண்டியதில்லை.

காலையில் கொதிக்க வைத்துக்கொள்ளலாம் என்று வெளியே விடாதீர்கள். பொட்டுலினம் விஷம் கொதியில் அழியும், வேறு சில கிருமிகளின் விஷம் அழியாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சூடாக்கும்போதும் ஓரத்தில் எண்ணெய் பொரிவதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள், நடுவில் சில்லென்றே இருக்கும். ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறி, நடுவிலும் ஆவி பறந்து தளதளவென்று ஐந்து நிமிஷம் கொதிக்கட்டும்.