சம்ப் வற்றினால் மோட்டாரைக் காப்பது எப்படி? டிரை ரன் கருவி பற்றிய வாசகர் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் குடிநீர்க் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும் பகுதிகளில், வரும் தண்ணீரைத் தரைக்குக் கீழே உள்ள சம்ப்பில் பிடித்து, மோட்டார் மூலம் மாடித் தொட்டிக்கு ஏற்றுவதே பல வீடுகளின் வழக்கம். அந்த அமைப்பில், தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடுவதைக் கண்டறிந்து நிறுத்தும் டிரை ரன் கருவியைப் பொருத்துவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி (நாகர்கோவில்): எங்கள் 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டாருக்கு எம்.சி.பி., ஓவர்லோடு ரிலே இரண்டும் இருக்கின்றன. சம்ப் வற்றியது தெரியாமல் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியும் இரண்டும் நிறுத்தவில்லை. அன்று பழுது எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து காயில் எரிந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. எம்.சி.பி.யும் ஓவர்லோடு ரிலேயும் மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் மட்டுமே நிறுத்தும். தண்ணீரைத் தூக்கும் வேலை இல்லாதபோது மோட்டாரின் சுமை குறைகிறது. சுமை குறைந்தால் அது இழுக்கும் ஆம்பியரும் குறைகிறது. ஆகவே சம்ப் வற்றிய நேரத்தில் அந்த இரண்டு கருவிகளுக்கும் தலையிடக் காரணமே இல்லை.

கெடுதல் முதலில் நேர்வது காயிலுக்கு அல்ல, மெக்கானிக்கல் சீலுக்கு. சுழலும் தண்டைச் சுற்றி ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் ஒன்றின்மேல் ஒன்று உரசி ஓடுகின்றன. இடையே படரும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றுக்கு எண்ணெயாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. அது இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே வளையங்கள் கடுமையாகச் சூடேறுகின்றன. அந்தச் சூட்டில் திடீரென்று தண்ணீர் பட்டால் செராமிக் வளையம் விரிசல் விடவும் கூடும். அதன்பின் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தண்டு வழியே முன்பக்கப் பேரிங்குக்குள் இறங்கி, கிரீசைக் கழுவி, துருவை உண்டாக்கி, இறுதியில் ஈரம் காயில்வரை போய்ச் சேருகிறது. உங்கள் மோட்டார் ஒரு மாதம் தாக்குப்பிடித்து எரிந்ததற்கு இந்த வரிசையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எனவே மோட்டார் ஒருமுறை வெறுமனே ஓடிவிட்டது என்று தெரிந்தால், பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று அடுத்த சில நாட்கள் பாருங்கள். சொட்டுவதைக் கண்டவுடன் சீலை மாற்றினால் செலவு அதோடு முடிந்துவிடும்.

கேள்வி (தக்கலை): ஆம்பியர் குறைந்தால் நிறுத்தும் வகை டிரை ரன் கருவியை 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாருக்குப் பொருத்தினேன். பகலில் சோதித்தபோது சரியாக நின்றது. இரவில் சம்ப் வற்றியபோது நிற்கவில்லை. கருவி பழுதா?

பதில்: நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தால் கருவியில் குறை இல்லை, அமைப்பில்தான் குறை. பகலில் 225 வோல்ட்டில் தண்ணீரோடு 6.4 ஆம்பியர், தண்ணீர் இல்லாமல் 4.6 ஆம்பியர் என்று குறித்திருக்கிறீர்கள். வெறும் ஓட்டத்தின் அளவுக்குச் சற்று மேலே, 4.9 ஆம்பியரில் கருவியை வைத்திருக்கிறீர்கள். இரவில் 248 வோல்ட்டில் தண்ணீரோடு 6.5 ஆம்பியரும், தண்ணீர் இல்லாமல் 5.5 ஆம்பியரும் வந்திருக்கின்றன. 5.5 என்பது 4.9-ஐ விட அதிகம் என்பதால், தண்ணீர் இருப்பதாகவே கருவி எடுத்துக்கொண்டது.

சிங்கிள் பேஸ் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி தண்ணீர் தூக்கப் பயன்படுகிறது. மற்றொரு பெரும் பகுதி மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கவே செலவாகிறது. சம்ப் வற்றினால் முதல் பகுதிதான் குறைகிறது. இரண்டாம் பகுதியோ வோல்ட்டேஜைப் பொறுத்தது; அதிலும் வோல்ட்டேஜ் மோட்டாருக்குரிய அளவைத் தாண்டினால் இரும்புத் தகடுகள் காந்தத்தில் நிறைவடைந்து, அந்த மின்னோட்டம் மிக வேகமாக உயரும். ஊர் உறங்கி, மின்கம்பிகளில் சுமை குறைந்து, வோல்ட்டேஜ் ஏறும் நேரத்தில் வெறும் ஓட்டத்துக்கும் நீர் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு சுருங்குவது இதனால்தான். குறைந்த வோல்ட்டேஜைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறோம். இந்தக் கருவியைப் பொறுத்தவரை அதிக வோல்ட்டேஜ்தான் ஏமாற்றுகிறது.

தீர்வு எளிது. வோல்ட்டேஜ் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் அளந்து, அந்த நேரத்து இரண்டு அளவுகளுக்கு நடுவே கருவியை வையுங்கள். உங்களுக்கு அது 5.5-க்கும் 6.5-க்கும் இடையே 6 ஆம்பியர். பகலில் தண்ணீரோடு 6.4 வருவதால் தேவையில்லாமல் நிற்காது. ஆனால் இடைவெளி 0.4 மட்டுமே என்பதால் சில நாட்கள் கவனித்து, தேவையானால் 5.9-க்கு இறக்கலாம். வெறும் ஓட்ட அளவை எடுப்பதற்காக மோட்டாரை வற்றவிட்டு நெடுநேரம் ஓட்ட வேண்டாம். சம்ப்பில் நீர், உறிஞ்சு குழாயின் அடிநுனியில் உள்ள புட்வால்வை நெருங்கும்போது கிளாம்ப் மீட்டருடன் நின்று, குழாய் காற்றை இழுக்கத் தொடங்கியதும் பத்துப் பதினைந்து விநாடிக்குள் அளவைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

புதிதாக வாங்குவோருக்கு என் பரிந்துரை, ஆம்பியரை மட்டும் பார்க்காமல் வாட்டை அல்லது பவர் பேக்டரைப் பார்க்கும் கருவி. காந்தப்புலத்துக்கான மின்னோட்டம் வாட்டில் அதிகம் தெரியாது என்பதால், உங்கள் மோட்டார் போன்ற ஒன்றில் தண்ணீரோடு ஏறத்தாழ 1150 வாட்டும், இல்லாமல் 500 வாட்டை ஒட்டியும் வரும். இவ்வளவு இடைவெளி இருந்தால் இரவு பகல் என்ற வேறுபாடு கருவியைக் குழப்பாது.

கேள்வி (குளச்சல்): ஆம்பியர் பார்க்கும் கருவிக்குப் பதிலாகச் சம்ப்புக்குள் ப்ளோட் சுவிட்சோ கம்பி சென்சாரோ வைத்தால் போதாதா?

பதில்: சம்ப் என்றால் ப்ளோட் சுவிட்சுக்கே என் வாக்கு. ஆம்பியர் பார்க்கும் கருவி, பம்ப் காற்றை இழுத்த பிறகே விழித்துக்கொள்கிறது; ப்ளோட் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறது. நீர் மட்டம் புட்வால்வுக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கும்போதே நிறுத்துமாறு கேபிளைக் கட்டுங்கள். அதற்குக் கீழே இறங்கினால் நீர்ச்சுழலோடு காற்றும் உள்ளே போகும். ப்ளோட்டின் கேபிளை நேரடியாக மோட்டார் லைனில் சேர்க்காமல், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் காயில் சுற்றில் சேர்ப்பது நல்லது. மோட்டார் கிளம்பும்போது வரும் பெரிய மின்னோட்டம் ப்ளோட்டின் சிறிய முனைகளைத் தீய்த்து ஒட்டவைத்துவிடும். ஒட்டிய சுவிட்ச் எப்போதும் தண்ணீர் இருக்கிறது என்றே சொல்லும்.

கம்பி சென்சாரைக் கடலோரத்தில் வைப்பதாக இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியாகவும், நுனி தவிர மற்ற இடமெல்லாம் உறையிட்டதாகவும் இருக்கட்டும். உப்பும் ஈரமும் படிந்த சுவர் வழியே மின்சாரம் கசிந்தால், தண்ணீர் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும். மழைநீரைச் சேமிக்கும் சம்ப்பில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும்: மழைநீர் மின்சாரத்தைக் குறைவாகவே கடத்துவதால், கருவியின் உணர்திறனைக் கூட்டி வைக்காவிட்டால் நிறைந்த சம்ப்பும் வெறுமையாகத் தெரியும்.

கேள்வி (மார்த்தாண்டம்): சம்ப்பில் தண்ணீர் நிறைய இருந்தும் கருவி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. ஏன்?

பதில்: எப்போது நிறுத்துகிறது என்பதைப் பாருங்கள். கிளம்பிய சில விநாடிகளிலேயே நின்றால், புட்வால்வு கசிந்து உறிஞ்சு குழாயில் இருந்த தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். செல்ப் பிரைமிங் பம்பானால், தண்ணீர் மேலே வந்து சேர எடுக்கும் நேரத்தை விடக் கருவியின் தொடக்கக் காத்திருப்பு குறைவாக இருக்கலாம்; பம்ப் தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, அதைவிட அரைமடங்கு கூடுதலாக வையுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து கடைசியில் நின்றால், மாடித் தொட்டியின் பால் வால்வு மூடிக்கொண்டிருக்கும். சாதாரண சென்ட்ரிபியூகல் பம்பில் வெளிவழி அடைபட்டால் சுமை குறையும் என்பதால், கருவிக்கு அது வற்றிய சம்ப் போலவே தோன்றும். அப்போது அது நிறுத்தியது நல்லதே; இல்லையென்றால் பம்புக்குள் அடைபட்ட தண்ணீர் சூடேறி சீலைக் கெடுத்திருக்கும். வீடுகளில் அதிகம் காணப்படும் அரை எச்.பி. செல்ப் பிரைமிங் பம்புகளில் பல, வெளிவழி அடைபட்டால் சுமை கூடும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இந்த அடையாளம் பொருந்தாது.

கேள்வி (கருங்கல்): சம்ப்புக்குள்ளேயே படுக்கை வாட்டத்தில் வைக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கும் ஆம்பியர் கருவி போதுமா?

பதில்: போதாது. அந்த மோட்டாரைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. மோட்டாரின் உடல் பாதி வெளியே தெரியும்போதும் உறிஞ்சு வாய் நீருக்குள் இருந்தால் பம்ப் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும், ஆம்பியரும் குறையாது. ப்ளோட்டை மோட்டாரின் மேல்பகுதிக்கு மேலே நிறுத்துமாறு வையுங்கள்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): சிறிது நேரம் கழித்துத் தானாகவே மோட்டாரை மீண்டும் ஓட்டும் வசதி என் கருவியில் இருக்கிறது. அதை எத்தனை நிமிடத்தில் வைக்கலாம்?

பதில்: முதலில் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். பச்சைப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் மோட்டார் கிளம்பும் வகை என்றால், அந்த வசதியை முழுவதுமாக நிறுத்தி வையுங்கள். அந்தப் பொத்தான்தான் ஸ்டார்ட்டிங் கண்டென்சரை இணைக்கிறது. கருவி மின்சாரத்தை மட்டும் திரும்பக் கொடுத்தால், மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்று பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். வெறுமனே ஓடி நேரும் கேட்டை விட இது விரைவாகக் காயிலை எரிக்கும்.

பொத்தான் பிடிக்கத் தேவையில்லாத மோட்டாரானால், நிமிடக் கணக்கில் வைக்காதீர்கள். குழாயில் தண்ணீர் வந்து சம்ப் நிறைய எடுக்கும் நேரமே அளவு. ஊற்று ஊறும் கிணறாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் பொருந்தும்; ஒருநாள் விட்டு ஒருநாள் நிறையும் சம்ப்புக்கு எந்த நேரமும் பொருந்தாது, ஏனெனில் கருவி ஒவ்வொரு முறையும் மோட்டாரை வெறுமனே கிளப்பித்தான் தண்ணீர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கும். அப்படிப்பட்ட வீட்டில், சம்ப்பை எட்டிப்பார்த்துவிட்டுக் கையால் மீட்டமைக்கும் முறையிலேயே கருவியை வையுங்கள்.