ஏழு வயதுப் பிள்ளை விரல் வைத்துக் காட்டக்கூடிய மதிப்பீட்டு வரிகள்

கேள்வி: “அம்மா, குடியாத்தம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். இலை சேகரிக்கும் செயல்திட்டத்துக்கு நான்கு கூறுகளும் நான்கு நிலைகளும் கொண்ட மதிப்பீட்டு அட்டவணை ஒன்றைக் கொடுத்து, பிள்ளைகளையே தங்கள் வேலையை மதிப்பிடச் சொன்னேன். ஒருவர் விடாமல் எல்லாரும் நான்கு நட்சத்திரத்துக்கும் வண்ணம் தீட்டிவிட்டார்கள். எப்படி எழுதினால் அவர்களுக்குப் புரியும்? அட்டவணையை இணைத்திருக்கிறேன்.”

பதில்: பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. உங்கள் அட்டவணையின் முதல் வரி “பல்வகை இலைகளை முழுமையாகவும் நேர்த்தியாகவும் சேகரித்து வகைப்படுத்தியுள்ளார்” என்று இருக்கிறது. அடுத்த நிலை “ஓரளவு முழுமையாக” என்றும், அதற்குக் கீழ் “சிறிதளவு” என்றும் இறங்குகிறது. முழுமைக்கும் ஓரளவு முழுமைக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்று நீங்களும் நானும் உட்கார்ந்து பேசினாலும் ஒரே இடத்தைக் காட்டமாட்டோம். ஏழு வயதில் தான் பட்ட பாட்டையும், செய்ய விரும்பியதையும், செய்து முடித்ததையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. அந்த வயதில் ஒரு பிள்ளையிடம் அளவுச் சொல்லைக் கொடுத்தால் தன் ஆசையைத்தான் வண்ணமாகத் தீட்டும். ஆகவே வரியில் “மிகவும்”, “ஓரளவு”, “சிறப்பாக”, “நேர்த்தியாக” ஆகிய நான்கில் எது இருந்தாலும் முதலில் அடித்துவிடுங்கள். தாளின் மேல் விரல் வைத்துக் காட்டக்கூடியது, எண்ணக்கூடியது, பக்கத்தில் இருக்கும் பிள்ளை காதால் கேட்கக்கூடியது ஆகியவை மட்டும் வரியாக இருக்கட்டும்.

உங்கள் முதல் கூறையே எடுத்துக்கொள்வோம். எளிமையாக்குகிறோம் என்று எண்ணிப் பலரும் “ஐந்து இலை ஒட்டினேன்” என்று மாற்றுவார்கள். இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வேப்பங்கொத்து ஒன்றை ஒட்டிவிட்டு அதில் உள்ள சிற்றிலைகளை எண்ணி, எனக்குப் பத்துக்கு மேல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லும். தாவரவியல்படி அந்தக் கொத்து முழுவதும் ஒரே இலைதான். அதை இரண்டாம் வகுப்பில் விளக்கத் தொடங்கினால் பாடவேளை முடிந்துவிடும். இன்னொரு பிள்ளை ஒரே புங்கமரத்தில் ஐந்து இலை பறித்து வந்திருக்கும். இருவரும் உங்கள் வரியின்படி சரியாகவே செய்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது வகை என்றால் எண்ண வேண்டியது மரம், இலை அல்ல. “ஐந்து மரத்து இலை ஒட்டினேன்” என்று எழுதுங்கள். நிலைகளைச் சொல்லால் எழுதவே வேண்டாம். வரிக்குப் பக்கத்தில் ஐந்து மரங்களைக் கோட்டுப் படமாக வரைந்துவிட்டால், எத்தனை மரத்து இலை இருக்கிறதோ அத்தனை மரத்துக்குப் பிள்ளை வண்ணம் தீட்டும். மூன்று தீட்டிய பிள்ளைக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

இரண்டாவதாக “நேர்த்தி” என்ற கூறை வைத்திருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் பார்க்க விரும்புவது எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதையே மூன்று செயலாகப் பிரித்துவிடலாம்: “மரத்தின் பேர் சொன்னேன்”, “இலைக்குக் கீழே பேர் எழுதினேன்”, “நான் எழுதிய பேரை நண்பர் படித்தார்”. இந்த மூன்றும் ஒரே செயலின் கூடுதல் குறைவு அல்ல. ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும் வேறு வேறு செயல்கள். பேர் எழுதிய பிள்ளை தாளை நண்பரிடம் நீட்டும். நண்பர் திணறினால் மூன்றாவது கட்டத்துக்கு இன்னும் வண்ணம் இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிடும், நீங்கள் நடுவராக நிற்க வேண்டியதில்லை.

வரியின் நடையிலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். “ஒட்டப்பட்டுள்ளது”, “வகைப்படுத்தியுள்ளேன்” என்பவை அந்த வயதுப் பிள்ளையின் காதில் விழாத வினைகள். “ஒட்டினேன்”, “சொன்னேன்”, “எழுதினேன்” என்று முடித்துவிடுங்கள். ஒரு வரியில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும். “பேரும் பயனும் எழுதினேன்” என்று இருந்தால், பேரை மட்டும் எழுதிய பிள்ளை என்ன செய்யும்? எதிர்மறை வேண்டாம், “இலை பிரியவில்லை” என்பதற்கு ஆம் சொல்வதா இல்லை சொல்வதா என்று பெரியவர்களே ஒரு நொடி தயங்குவோம். வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் மூன்று கூறுகள் போதும்.

“தகவல் செறிவு” என்ற மூன்றாவது கூறை “இரண்டு இலைக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னேன்” என மாற்றலாம். அரச இலையின் நுனி வால்போல நீண்டிருப்பதையும் புங்க இலைக்கு அந்த நீட்சி இல்லாததையும் பிள்ளைகள் தாமாகவே சொல்வார்கள். இந்த வரி ஐந்து சொல்லைத் தாண்டுகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பக்கத்தில் இரண்டு இலையும் ஒரு வாயும் வரைந்து வைக்கச் சொல்கிறேன். “படைப்பாற்றல்” என்ற நான்காவது கூறை நீக்கிவிடுங்கள்.

ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் கூறுதான் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிறது. வேலூர், காட்பாடி, குடியாத்தம் என எங்கே பார்த்தாலும் பள்ளி வாசலுக்கு எதிரே செயல்திட்டம் செய்து தருகிறோம் என்று பலகை தொங்குகிறது. அச்சடித்த இலைப்படம், பளபளப்புத் தாள் ஓரம், கணினியில் எழுதிய பேர் எல்லாம் சேர்த்து ஒரு கட்டாகக் கிடைக்கும். அலங்காரத்துக்கு ஒரு கட்டம் வைத்துவிட்டு, பெற்றோர் வாங்கி வருகிறார்கள் என்று வருந்துவதில் பொருள் இல்லை. கடை இலையில் புழுதியும் பூச்சி கடித்த ஓட்டையும் இருக்காது, கண்டுபிடிப்பது எளிது. ஆனால் கண்டுபிடித்த பிறகு அந்தப் பிள்ளையை என்ன செய்வீர்கள்? ஆகவே ஒட்டுவதும் எழுதுவதும் வகுப்பறையிலேயே நடக்கட்டும். வீட்டிலிருந்து வர வேண்டியது கீழே உதிர்ந்து கிடந்த இலை மட்டும்.

இதைவிட மோசமான வியாபாரம் ஆசிரியர் குழுக்களில் நடக்கிறது. எல்லா வகுப்புக்கும் எல்லாச் செயல்திட்டத்துக்கும் ஆயத்த மதிப்பீட்டு அட்டவணை என்று கோப்புகளைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். ஆங்கிலத்தில் பெரிய பிள்ளைகளுக்கு எழுதியதை வரிக்கு வரி தமிழாக்கி, தலைப்பில் வகுப்பு எண்ணை மட்டும் மாற்றியிருப்பார்கள். சோதிக்க விரும்பினால் இரண்டாம் வகுப்புக் கோப்பையும் ஐந்தாம் வகுப்புக் கோப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் அட்டவணையும் அந்த வழியில் வந்ததுதான் என்று அதன் நடை சொல்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. பார்வைக்கு வருபவர் கோப்பில் தாள் இருக்கிறதா என்று பார்க்கிறாரே தவிர, அந்தத் தாளைப் பிள்ளை படித்ததா என்று கேட்பதில்லை. கேட்காதவரை இந்த வியாபாரம் ஓயாது.

நிலைகளுக்குப் பேர் வைப்பதில் ஒரு எச்சரிக்கை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பேர் இருப்பதால், அதையே இங்கும் போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். பிள்ளைகள் அவற்றை வேலையின் பேராக அல்ல, ஆளின் பேராகக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். அரும்பில் இருக்கும் பிள்ளை, தாளில் ஐந்து மரத்து இலை இருந்தாலும், நான் அரும்புதானே என்று முதல் கட்டத்தைத் தீட்டிவிட்டுப் போய்விடும்.

நம் பகுதியில் கட்டாயம் யோசிக்க வேண்டிய விலக்கு ஒன்று உண்டு: வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகள். குடியாத்தத்திலும் பேர்ணாம்பட்டிலும் வகுப்புக்குச் சிலராவது இருப்பார்கள். புளிய இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குச் “சிந்த” என்ற பேர் தெரியும், இன்னொன்றுக்கு “இம்லி” தெரியும். தமிழ்ப் பேர் மட்டும் வராது. “மரத்தின் பேர் சொன்னேன்” என்ற கட்டத்தை அந்தப் பிள்ளை வெறுமையாக விட்டுவிடும், மரத்தை எல்லாரையும் விட நன்றாகத் தெரிந்திருந்தும். எனவே அந்த வரியைப் படித்துக் காட்டும்போது, வீட்டில் சொல்லும் பேரும் பேர்தான் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு தமிழ்ப் பேரை நீங்கள் கரும்பலகையில் எழுத, பிள்ளை பார்த்து எழுதட்டும். பார்த்து எழுதினாலும் “எழுதினேன்” என்பது மெய்தான். வித்தியாசம் சொல்லும் வரியில் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். “வித்தியாசம்” என்ற சொல்லே தடையாக இருக்கலாம். உருது பேசும் பிள்ளைக்கு “ஃபரக்” என்று ஒரு முறை சொன்னால் போதும். உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டால் வகுப்பிலேயே சொல்லித் தர ஆள் இருக்கும். பதிலையும் அதன் மொழியிலேயே சொல்லட்டும், இரண்டு இலையிலும் எந்த இடத்தைத் தொடுகிறது என்று நீங்கள் பார்த்தால் போதும். இவர்களுக்கென்று தனி அட்டவணை மட்டும் தயாரிக்காதீர்கள். வேறு நிறத் தாள் கையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளை உடனே கவனித்துவிடும்.

எழுதி முடித்த வரியை வகுப்புக்குக் கொடுக்கும் முன் மூன்று பிள்ளைகளிடம் சோதித்துப் பாருங்கள். சரளமாகப் படிப்பவர் ஒருவர், தட்டுத்தடுமாறிப் படிப்பவர் ஒருவர், படிக்கத் தெரியாதவர் ஒருவர். வேலை முடியாத மாதிரித்தாள் ஒன்றை நீங்களே செய்து நடுவில் வைத்து, வரியை வாய்விட்டுப் படித்து, “எங்கே இருக்கிறது, காட்டு” என்று கேளுங்கள். மூன்று விரலும் ஒரே இடத்துக்குப் போனால் வரி சரி. ஒரு விரல் தாளை விட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் வரியை மாற்றி எழுதுங்கள்.

வகுப்பிலும் முழு அட்டவணையை ஒரே வீச்சில் கொடுக்கக் கூடாது. ஒரு வரியைப் படியுங்கள், பிள்ளைகள் தங்கள் தாளில் விரல் வைக்கட்டும், அதன் பிறகே வண்ணம். விரல் வைக்காமல் வண்ணம் தீட்டிய பிள்ளையிடம் “உண்மையா” என்று கேட்காமல் “எங்கே” என்று கேளுங்கள். இதைச் செயல்திட்டம் முடிந்த நாளில் செய்தால் பயன் இல்லை. பாதி வேலையில் ஒரு முறை செய்துவிட்டு, விட்டதைச் சேர்க்க மறுநாள் ஒரு பாடவேளை கொடுங்கள். இரண்டாம் முறை தீட்டும்போது வேறு வண்ணம் கொடுத்தால், எது முன்பு இருந்தது, எது பிறகு வந்தது என்று தாளே காட்டும்.

பிள்ளை தீட்டிய கட்டங்களைக் கூட்டி மதிப்பெண்ணாக மாற்றிப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். இம்முறை எல்லாரும் நான்கையும் தீட்டியதற்குப் பாதிக் காரணம் மதிப்பெண்ணாகத்தான் இருக்கும். வீட்டில் அண்ணனோ அக்காவோ, நட்சத்திரம் என்றால் மார்க் என்று சொல்லியிருப்பார்கள். பதிவேட்டுக்கு மதிப்பெண் வேண்டும் என்றால் அதே மூன்று கூறுகளை வைத்து உங்கள் கணக்கில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் தாளை, பழைய அட்டவணையையும் எடுத்துவிட்டு, அதன் இலைத் தொகுப்போடு சேர்த்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.